கரியும் போகணும், தோலும் காயக்கூடாது

பெருங்களத்தூரில் வண்டியைக் கிளப்பி, புறவழிச்சாலையில் ஏறி, போரூர், மதுரவாயல் தாண்டி அம்பத்தூர் எஸ்டேட்டில் போய் இறங்குகிறவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் வெள்ளைப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, காதுக்கு முன்னாலிருந்து தாடை வரை லேசாக ஒரு முறை துடைக்க வேண்டும். பஞ்சு சாம்பல் நிறமாகும். அதே இடத்தை இன்னொரு ஈரப் பஞ்சால் துடைத்தால் நிறம் பெருமளவு குறைந்திருக்கும். மூன்றாவதாக, பஞ்சில் இரண்டு சொட்டு பேபி ஆயில் விட்டு மூக்கின் பக்கவாட்டில் துடைத்தால் மறுபடியும் கறுப்பாக வரும். தண்ணீர் தொட்டும் போகாதது எண்ணெய் பட்டதும் வந்துவிடுகிறது.

சாலையிலிருந்து முகத்தோடு வீட்டுக்கு வரும் அழுக்கு ஒரே சரக்கு அல்ல என்பதை இந்த மூன்று பஞ்சுகளும் காட்டிவிடும். முகம் கழுவுவதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, எல்லாவற்றையும் ஒரே அழுக்காக நினைத்து, ஒரே சோப்பால், பலம் கொண்ட மட்டும் தேய்ப்பதிலிருந்து வருகின்றன.

வேர்வையில் பெரும்பகுதி தண்ணீர்தான். மீதி உப்பு, கொஞ்சம் யூரியா, லாக்டிக் அமிலம். எல்லாமே தண்ணீரில் கரைபவை. வேர்வை காய்ந்த பின் நெற்றியில் நறநறவென்று தட்டுப்படுவது உப்பு. அதை எடுக்க எந்தச் சோப்பும் வேண்டாம். நான்கு கை தண்ணீர் போதும். சாலைத் தூசி மண், மணல், சிமெண்ட், டயர் தேய்ந்த துகள் எல்லாம் கலந்தது. மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சாலைகளில் சிமெண்ட் தூசி கூடுதலாக இருக்கும். சிமெண்ட் காரத்தன்மை உள்ளது என்பதால், வேர்வை ஈரத்தில் அது பட்டால் எரிச்சல் தரும். இந்தத் தூசியும் பெரும்பாலும் ஓடும் தண்ணீரில் போய்விடும். ஆனால் ஒரு நிபந்தனை: தண்ணீர் படுவதற்கு முன்னால் அதைத் தேய்க்கக் கூடாது. சிக்னலில் நிற்கும்போது காய்ந்த கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைப்பவர்கள் மணல் துகள்களைக் கன்னத்தில் வைத்து அரைக்கிறார்கள். அந்த நேரத்தில் வேர்வையை ஒற்றி எடுப்பதே நல்லது.

மூன்றாவது சரக்குதான் சிக்கலானது. டீசல் புகையிலிருந்து வரும் கரித்துகள் மிக நுண்ணியது. பி.எம் 2.5 என்று காற்றுத் தர அறிக்கைகளில் வரும் வகையில் சேரும் துகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. இந்தத் துகள்களின் மேல் ஹைட்ரோகார்பன் சேர்மங்கள் ஒட்டியிருக்கும்; அவை தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். முகத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். வெயிலில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் மூக்கும் நெற்றியும் மினுமினுக்கும். அந்த எண்ணெய்ப் படலத்தில் கரி படிந்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் ஏறும் பிசுக்கைப் போல ஆகிவிடுகிறது. வெறும் தண்ணீர் அதன் மேல் வழிந்து ஓடிவிடும்.

இதைக் கழுவாமல் விட்டால் என்ன? ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியிலும் அதன் அருகிலுள்ள ஊர்ப்புறத்திலும் வாழ்ந்த சுமார் 400 வயதான பெண்களை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியானது. வாகனக் கரி அதிகம் உள்ள இடங்களில் வாழ்ந்தவர்களின் நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் கூடுதலாக இருந்தன என்பது அதன் முக்கியமான முடிவு. அது பல ஆண்டுக் கணக்கு. ஒரு நாள் அசதியில் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டால் எதுவும் ஆகிவிடாது. கரியைத் தினமும் இரவுக்குள் எடுத்துவிடுவது நல்லது என்ற அளவுக்கு இது காரணம். தோலை உரித்துவிடுவதற்குக் காரணம் இல்லை.

உரிப்பது என்றால் எதை உரிக்கிறோம்? தோலின் மேலே இருக்கும் காப்பு அடுக்கு, தாளை விட மெல்லியது. இறந்த செல்கள் அடுக்கடுக்காக இருக்க, அவற்றின் இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிரம்பியிருக்கும். உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியிலிருப்பது உள்ளே போகாமலும் காப்பது இந்தக் கொழுப்புதான். கரி ஏறிய பிசுக்கை எது கரைக்கிறதோ, அதுவே இந்தக் கொழுப்பையும் கரைக்கும். நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் என்று சோப்புக்குப் பேதம் தெரியாது. ஆகவே மேலே இருப்பது போகவும் நடுவில் இருப்பது தங்கவும் வேண்டுமானால், சோப்பின் வகையையும், அது தோலில் இருக்கும் நேரத்தையும், எத்தனை முறை என்பதையும் நாம்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

வகையில் தொடங்கலாம். தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, பி.எச் அளவில் 4.5-இலிருந்து 5.5 வரை. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சும் சோப்பு எதுவானாலும் காரம்தான். இந்தியக் கடைகளில் கிடைக்கும் சோப்புகளை அளந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் பெரும்பாலானவை 9-க்கும் 10-க்கும் நடுவே இருந்தன. அப்படி ஒரு சோப்பால் கழுவியதும் தோலின் பி.எச் ஏறுகிறது, பழைய நிலைக்கு இறங்கச் சில மணி நேரம் பிடிக்கிறது. செராமைடை உண்டாக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். இறங்குவதற்குள் இன்னொரு முறை சோப்பு போட்டால், நாள் முழுக்க அந்த வேலை தடைபட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கே பலரும் நம்பி ஏமாறும் ஓர் இடம் உண்டு. சோப்பு உறையில் டி.எஃப்.எம் 76 சதவீதம் என்று போட்டிருந்தால் அது தோலுக்கு மென்மையானது என்று நினைக்கிறார்கள். டி.எஃப்.எம் என்பது அந்தக் கட்டியில் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்ற கணக்கு. இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் தர டாய்லெட் சோப்புக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. நிரப்புப் பொருள் குறைவான, சீக்கிரம் கரையாத சோப்பு என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஆனால் முதல் தரச் சோப்பும் காரம்தான். முகத்துக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த எண்ணை அல்ல. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியலை. சோடியம் பாமேட், சோடியம் கோகோயேட் என்று தொடங்கினால் அது சோப்பு. சோடியம் கோகோயில் ஐசதியோனேட், டெசைல் குளுக்கோசைடு, கோகாமிடோப்ரோபைல் பீட்டைன் போன்றவை முன்னால் இருந்தால் அது மென்மையான செயற்கை அழுக்குநீக்கி, தோலின் பி.எச்சுக்கு நெருக்கமாக அதைத் தயாரிக்க முடியும். சோடியம் லாரில் சல்ஃபேட் முதல் வரிசையில் இருந்தால் முகத்துக்குத் தவிர்ப்பது நல்லது. தோலை வேண்டுமென்றே எரிச்சலூட்டிப் பார்க்கும் பரிசோதனைகளில் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பொருளே அதுதான்.

பட்டியல் புரியவில்லை என்றாலும் வழி இருக்கிறது. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் பி.எச் காகிதம் கிடைக்கும். ஒரு பங்கு ஃபேஸ்வாஷை அல்லது சீவிய சோப்பைப் பத்துப் பங்கு கேன் தண்ணீரில் கலக்கி, காகிதத்தை நனைத்து, உறையில் உள்ள வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். 5, 6 என்று காட்டினால் முகத்துக்கு ஏற்றது. நீலப் பச்சையாகி 9-ஐத் தொட்டால் அதைப் பாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சென்னையின் புறநகர்களில் இன்னொரு சங்கதி சேர்ந்துகொள்கிறது: போர் தண்ணீர். கடினமான நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைக் கசடாகின்றன. பக்கெட் விளிம்பில் படியும் அதே கசடு முகத்திலும் படிகிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஒரு பசைத்தன்மை போகாமல் இருக்கும். ‘இன்னும் அழுக்கு போகலை’ என்று மறுபடி சோப்பு போடுவார்கள், கசடு இன்னும் கூடும். ஒரு பாட்டிலில் பாதி குழாய்த் தண்ணீர் எடுத்து, சீவிய சோப்பு ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் தெரியும். நுரை நிற்காமல் தண்ணீர் பால் போலக் கலங்கினால் கடின நீர். செயற்கை அழுக்குநீக்கிகள் இப்படிக் கசடு கட்டுவதில்லை என்பதால், போர் தண்ணீர் வீடுகளுக்கு அவையே பொருந்தும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீர் எடுத்துவைத்தால் வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

தோல் மருத்துவரிடம் வருகிறவர்களில் பலரின் வழக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க, மேலே சொன்ன பாதையில் தினமும் போகும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். வயது முப்பதுகளில். ஒரு பக்கம் மட்டும் 20 கிலோமீட்டருக்கும் மேல், லாரிகளுக்கு நடுவே. அலுவலகம் போனதும் வாஷ்பேசினில் இருக்கும் கைகழுவும் திரவத்தால் முகம் கழுவுகிறார். மதியம் இன்னொரு முறை. மாலை வீட்டுக்கு வந்ததும் குளியல் சோப்பை நேரடியாகக் கன்னத்தில் தேய்த்து, பிளாஸ்டிக் நாரால் உரசி, இரண்டு தடவை. படுக்கும்போது வேப்பிலை ஃபேஸ்வாஷ். ஆக ஒரு நாளுக்கு ஐந்து முறை முகத்தில் நுரை.

சில வாரங்களில் அறிகுறி தெரிகிறது. கழுவி ஐந்து நிமிடத்தில் முகம் இழுத்துப் பிடிக்கிறது. மூக்கின் இரு பக்கமும் வெள்ளையாகச் செதில் உரிகிறது. பல நாளாகப் போட்டுவந்த சன்ஸ்கிரீன் திடீரென்று எரிகிறது. நெற்றி வேர்வை கன்னத்தில் வழிந்தாலே காந்துகிறது. செதிலுக்கு மேல் முகம் பளபளக்கவும் செய்கிறது. எண்ணெய் வழிகிறதே என்று அவர் கழுவுவதைக் கூட்டுகிறார். இந்த இடத்தில்தான் சிக்கல் முடிச்சு போட்டுக்கொள்கிறது. செதிலும் பளபளப்பும் ஒரே முகத்தில் இருக்க முடியும். எண்ணெய்ச் சுரப்பி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், மேலடுக்கின் கொழுப்புதான் குறைந்திருக்கும். தாடைக்கடியில் வந்த பருக்களுக்கும் அழுக்கு மட்டும் காரணம் இல்லை. ஹெல்மெட் வார் வேர்வையோடு உரசிக்கொண்டே இருக்கும் இடம் அது.

இதற்கு மாற்று வழி குறைப்பதிலிருந்து தொடங்குகிறது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீர். அலுவலகம் சேர்ந்ததும் முதலில் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பிரேக்கையும் சாவியையும் பிடித்த கையோடு முகத்தைத் தொட்டால் கரி இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பிறகு முகத்துக்கு வெறும் தண்ணீர், ஐந்தாறு கை. மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். வேர்வையும் தூசியில் பெரும்பகுதியும் இதிலேயே போய்விடும். வெட் வைப்ஸ் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அதில் உள்ள அழுக்குநீக்கியும் பதப்படுத்தும் பொருளும் முகத்திலேயே காய்கின்றன. தண்ணீர் கிடைக்காத இடத்துக்கு மட்டும் அது.

நுரைக்கு நாளில் ஒரே இடம், மாலை வீடு திரும்பியதும். கை கழுவிய பின் முகத்தைத் தண்ணீரால் நன்றாக நனைத்து மேல்தூசியை ஓட விட வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாகவோ அறைச் சூட்டிலோ இருக்கலாம்; சூடான தண்ணீர் கொழுப்பைக் கூடுதலாக இளக்கும். புளியங்கொட்டை அளவு ஃபேஸ்வாஷ் எடுத்து உள்ளங்கையில் தண்ணீர் சேர்த்து நுரைத்து, முதலில் மூக்கு, நெற்றி, முகவாய். கரியும் எண்ணெயும் சேரும் இடங்கள் அவை. பிறகு தலைமுடி ஓரம், காதின் முன்பக்கம், தாடை, கழுத்து. கன்னத்துக்கு வருவது கடைசியில், சில நொடிகள் மட்டும். விரல் நுனியால்தான், நாரோ பிரஷ்ஷோ வேண்டாம். எல்லாம் சேர்த்து அரை நிமிடம். அலசுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் தேவை, ஏனென்றால் தலைமுடி ஓரத்திலும் காதோரத்திலும் நுரை தங்கிவிடும். கண்ணிமை ஓரம் கறுப்பாக இருந்தால் கண்ணை மூடித் தண்ணீர் விட்டால் போதும், கசக்க வேண்டியதில்லை.

தண்ணீரில் கலையாத சன்ஸ்கிரீனோ மேக்கப்போ போட்டிருப்பவர்களுக்கும், பஞ்சுச் சோதனையில் மூக்கோரம் கறுப்பாக வருகிறவர்களுக்கும் நுரைக்கு முன்னால் எண்ணெய் உதவும். காய்ந்த முகத்தில் நான்கைந்து சொட்டு, ஒரு நிமிடம் மெதுவாகத் தடவி, ஈரத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டுப் பிறகு ஃபேஸ்வாஷ். கொழுப்பைக் கொழுப்பு கரைத்துவிடுவதால் நுரையைப் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்காது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது முதலில் எண்ணெய், பிறகு சீயக்காய் என்று நம் வீடுகளில் இருக்கும் வரிசையும் இதே வேலையைத்தான் செய்கிறது. எந்த எண்ணெய் என்பதில்தான் கவனம் வேண்டும். தேங்காய் எண்ணெய் பரு வரும் முகத்தில் துளைகளை அடைக்கக்கூடும். அடிக்கடி தேமல் வருகிறவர்களுக்கு, தேமலை உண்டாக்கும் பூஞ்சைக்குத் தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலம் உணவாகிறது. அவர்கள் அதை முகத்தில் தங்கவிடக் கூடாது. இருவருக்கும், வாசனை சேர்க்காத, மினரல் ஆயிலால் ஆன பேபி ஆயில் பாதுகாப்பான தேர்வு.

பயத்தமாவு போதாதா என்று பலர் கேட்பதுண்டு. எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. சோப்பைப் போலக் காரமும் இல்லை. வேர்வையும் சாதாரண எண்ணெய்ப் பசையும் உள்ள நாளில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் டீசல் கரி ஏறிய முகத்துக்குத் தனியாக அது போதாது. முதலில் எண்ணெய் தடவியிருந்தால் போதும். மில்லில் அரைத்ததை மெல்லிய துணியில் சலித்து, தண்ணீரில் குழைத்து இரண்டு நிமிடம் ஊறவிட்டுத்தான் தடவ வேண்டும். கொரகொரப்பான மாவைக் காய்ந்த முகத்தில் தேய்ப்பது நாரால் உரசுவதற்குச் சமம். அதில் எலுமிச்சைச் சாறு பிழிவது வேண்டவே வேண்டாம். சாறு பட்ட தோல் வெயிலில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம். கடையில் கிடைக்கும் கரி ஃபேஸ்வாஷ் சாலைக் கரியை இழுத்து எடுக்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. கழுவுவது அதிலுள்ள அழுக்குநீக்கிதான்.

முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போட வேண்டும், இரண்டு மூன்று நிமிடத்துக்குள். சென்னையின் புழுக்கத்தில் ‘அது எதற்கு, மேலும் வழியும்’ என்று தவிர்ப்பவர்கள் அதிகம். கிளிசரின் உள்ள, ஜெல் போன்ற லேசான வகை ஒரு பட்டாணி அளவு போதும். செதில் உரியும் மூக்கோரத்தில் மட்டும் இரவில் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாக.

உடம்புக்கும் இதே கணக்குதான். முழு உடம்பையும் நாரால் நுரைத்துத் தேய்க்க வேண்டிய தேவை இல்லை. அக்குள், தொடையிடுக்கு, பாதம், முதுகில் பை அழுந்தும் இடம் இவற்றுக்குச் சோப்பு. வெயிலில் திறந்திருந்த கைக்கும் கழுத்துக்கும் மென்மையான அழுக்குநீக்கி. துணிக்குள் இருந்த காலுக்கும் வயிற்றுக்கும் ஓடிவரும் தண்ணீரே போதும். வேர்க்குரு வந்த இடத்தில் தேய்க்கவே கூடாது. ஹெல்மெட்டின் உள்பஞ்சு கழற்றக்கூடியதாக இருந்தால் வாரம் ஒரு முறை துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். முகத்தில் சுற்றும் துப்பட்டாவும் ஸ்கார்ஃபும் தினமும் துவைக்க வேண்டியவை. நேற்றைய கரியை இன்றைக்கும் கன்னத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.

போதுமான அளவு கழுவினோமா என்று பார்க்க இரண்டு சோதனை உண்டு. கழுவித் துடைத்த பின், மாய்ஸ்சரைசர் எதுவும் போடாமல் பத்து நிமிடம் இருக்க வேண்டும். முகம் இழுக்காமல், விரலை வைத்தால் மெத்தென்று இருந்தால் சரி. விரல் கிறீச்சிடும் அளவுக்கு ‘சுத்தமாக’ இருந்தால் தேவைக்கு மேல் கழுவியிருக்கிறோம். அடுத்தது பஞ்சு. மூக்கோரத்திலும் தாடையோரத்திலும் துடைத்தால் சாம்பல் நிறம் வரக் கூடாது. முகம் இழுத்து, பஞ்சும் கறுத்தால், வகையும் இடமும் தவறு: கன்னத்தில் காட்டிய நேரத்தை மூக்கோரத்தில் காட்டியிருக்க வேண்டும், அல்லது நுரைக்கு முன் எண்ணெய் வேண்டும்.

ஐந்து முறை நுரைத்துக்கொண்டிருந்தவர் ஒரு முறைக்கு இறங்கினால் முதல் சில நாள் முகம் பிசுபிசுப்பாகத் தோன்றும். பழைய விறைப்பைச் சுத்தம் என்று பழகிவிட்டதன் விளைவு அது. எரிச்சல் முதலில் குறையும். செதில் அடங்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், மேலடுக்கு புதிதாக உருவாக அவ்வளவு காலம் வேண்டும். பருவுக்காக பென்சாயில் பெராக்சைடோ, ரெட்டினாய்டு களிம்போ பூசுகிறவர்களுக்கு அந்த மருந்துகளே தோலை உலரவைக்கும் என்பதால், அவர்கள் இரண்டாவது முறை நுரைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நீர் கசிந்தால், வெடித்தால், இரண்டு வாரத்தில் எரிச்சல் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பூசும் சிவப்பு நீக்கும், நிறம் கூட்டும் களிம்புகளில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருப்பது வழக்கம். இரண்டு நாளில் முகம் தெளிந்துவிட்டதாகத் தோன்றும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரியத் தொடங்கும். நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக எரியும். களிம்புக் குழாயின் பக்கவாட்டில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், மருத்துவர் எழுதித் தராத பட்சத்தில் அதை வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.